பில் கையில் இருக்கு, 2B-யில் இல்லை: கிரெடிட் எடுக்கலாமா?

ஈரோடு ஹார்டுவேர்: 2025 ஆகஸ்ட் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. வரி 54,000. கொள்முதல் பில்களில் நான் கொடுத்த வரி 45,000. 9,000 கட்டினால் போதும்னு நினைச்சேன். போர்ட்டலில், சப்ளையர்கள் ஏற்றின பில்களைக் காட்டும் GSTR-2B-யில் 27,000தான் இருக்கு. ஒரு லட்சத்துக்கு எடுத்த பெயின்ட் பில் வரலை, அதோட வரி 18,000. மொத்தப் பணமும் கொடுத்தாச்சு. பில்லை வெச்சு அந்த வரியையும் கிரெடிட்டா எடுத்துக் கழிச்சுக்கலாமா?

கடைவீதி: தாராளமா எடுங்க அண்ணே. வரி கொடுத்துத்தானே சரக்கு எடுத்தீங்க? 2B-யில் வராததுக்கும் 5 சதவீதம் கூடுதலா எடுக்கலாம்.

வரிக்கணக்கு: அந்த 5 சதவீதம் 2021 டிசம்பரோட போச்சு. இருந்திருந்தாலும் 27,000-க்கு 1,350தான் வரும், 18,000 வராது. இப்போ 2B-யில் இருந்தால்தான் கிரெடிட். அதனால வரி கட்டற ரிட்டர்னான 3B-யில் ஆகஸ்டுக்கு 27,000 மட்டும் எடுத்து, மீதி 27,000 பணமா கட்டுங்க. இல்லாததை எடுத்து வரியில் கழிச்சா, பின்னால திருப்பும்போது ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

கடைவீதி: விற்றவன் தப்புக்கு இவர் ஏன் கையிலிருந்து கட்டணும்?

வரிக்கணக்கு: கட்டும் சுமை இந்த மாசம் உண்மைதான், ஆனா 18,000 தொலையலை. சப்ளையர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: மாதாமாதம் ஃபைல் பண்றாரா, காலாண்டுக்கு ஒருமுறையா? மாதம்னா விற்பனை பில்களை ஏற்றும் GSTR-1-ஐ அடுத்த மாசம் 11-க்குள் போடணும். 14-ஆம் தேதி உங்க 2B உருவாகும். காலாண்டுன்னா, இடையில் மாசாமாசம் பில் ஏற்றற IFF வசதியில் பில்லை ஏற்றலைன்னா ஆகஸ்ட் பில் அக்டோபர் 14-இல்தான் வரும். அப்போ செப்டம்பர் 3B-யில் எடுத்துக்கலாம். ரெண்டும் இல்லைன்னா உங்க ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பதிலா வேற எண் பதிவாகி, கிரெடிட் வேற யாருக்கோ போயிருக்கலாம். பில்லில் உங்க எண்ணை முதலில் சரிபாருங்க. திருத்தச் சொல்லலாம். இந்த நிதியாண்டு பில்லுக்கு 2026 நவம்பர் 30 வரை கெடு, ஆண்டு ரிட்டர்ன் அதுக்கு முன்னால போட்டுட்டா அதுதான் கடைசி.

மளிகை மணி: நான் சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் விற்பனைக்கு 1 சதவீதம் கட்டறேன். எனக்கும் 2B பார்த்து எடுக்கலாமா?

வரிக்கணக்கு: உங்களுக்குக் கிரெடிட்டே கிடையாதுங்க. கொள்முதல் வரி உங்க சரக்கு விலையில் சேர்ந்துடும்.

கடைவீதி: இனிமே பில் 2B-யில் வர்ற வரைக்கும் வரித்தொகையை மட்டும் நிறுத்தி வெச்சுக் கொடுத்தா போச்சு.

வரிக்கணக்கு: சரியான வழிதான், ஆனா 180 நாளைத் தாண்டக் கூடாது. பில் தேதியிலிருந்து அதுக்குள்ள வரியோட சேர்த்து முழுசா கொடுக்கலைன்னா, எடுத்த கிரெடிட்டை வட்டியோட திருப்பணும். அப்புறம், 2B-யில் வந்துட்டாலும் அவர் 3B போட்டு வரி கட்டினாரான்னு பாருங்க. இந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற செப்டம்பர் 30 வரை கட்டலைன்னா, நவம்பர் 30-க்குள் நீங்க திருப்பணும். அவர் கட்டினபிறகு மறுபடி எடுக்கலாம்.

ஈரோடு ஹார்டுவேர்: 18,000-ஐ நிறுத்தினா பெயின்ட் ஏஜென்சி அடுத்த லோடே அனுப்ப மாட்டாங்க. 30 நாள் கடன் கொடுக்கறதே அவங்கதான்.

கடைவீதி: அப்போ வேற ஏஜென்சியைப் பாருங்க அண்ணே.

ஈரோடு ஹார்டுவேர்: இந்த ஏரியாவுக்கு அந்த ஒரே ஏஜென்சிதான்.