பாராட்டினால் உடனே "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று வாயில் வருகிறது, உங்களுக்கும் அப்படியா?

ஊசிநூல், மதுரை
11 வருடமாக ஆரி வேலை செய்கிறேன். சின்ன வயதில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கி வந்து "நான் நல்லா பேசினேன்மா" என்றேன். அம்மா சோறு பிசைந்துகொண்டே "உன் வாயால சொல்லாத, தலைக்கனம் வந்துரும்" என்றார். திட்டக்கூட இல்லை. ஆனால் அது அப்படியே உள்ளே தங்கிவிட்டது.

போன ஆவணியில் ஒரு கல்யாண ரவிக்கை. பின்கழுத்தில் மயில், இரண்டு கையிலும் கொடி, 6 நாள் சட்டத்தின் முன்னால் குனிந்தே இருந்தேன். பெண்ணின் அம்மா தோகையை விரலால் தடவிப் பார்த்து "எவ்வளவு நெருக்கமா போட்டிருக்க, கண்ணு வலிச்சிருக்குமே" என்றார். நான் "அய்ய, ஒண்ணுமில்லக்கா, சும்மா ரெண்டு நாள்ல போட்டது" என்றேன். சுத்தப் பொய். பேசியிருந்த கூலி 6,500. அவர் முகம் மாறி "ரெண்டு நாளுக்கா இவ்வளவு?" என்று கேட்டார், அவர் கேட்டதில் தப்பே இல்லை. 1,000 ரூபாய் குறைத்து வாங்கினேன். பணம்கூடப் போகட்டும், ஆசையாகத் தடவிய மயிலை நானே அவர் கண்ணில் மட்டமாக்கிவிட்டேன் என்பதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது.

இப்போது யாராவது பாராட்டினால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்: "ஆமாக்கா, தோகைக்கே ரெண்டு நாள் ஆச்சு, உங்களுக்குப் பிடிச்சதுல சந்தோஷம்." அதோடு வாயை மூடிவிட வேண்டும். அடுத்து வரும் அந்த ஒரு நொடி அமைதிதான் கஷ்டம், கழுத்தெல்லாம் சூடாகும், இன்னொரு வாக்கியம் பேசினால் அது குறைத்துப் பேசுவதாகத்தான் இருக்கும்.

கடையில் இது வந்துவிட்டது, வீட்டில் வரவில்லை. போன மாதம் காய்ச்சல். நாத்தனார் மூன்று நாள் ரசமும் சோறும் கொண்டுவந்தார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று நான் காய்ச்சலோடு எழுந்து கேசரி கிண்டினேன், அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். தூக்குவாளி இன்னும் இங்கேதான் இருக்கிறது. இதை எப்படிப் பழகினீர்கள்?

கோவைக்காரன்
இது தாழ்வு மனப்பான்மை தங்கச்சி. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் திறமைசாலி" என்று பத்து முறை சொல்லுங்கள், சரியாகிவிடும்.

ஊசிநூல்
அண்ணா, வேலை தெரியும் என்று எனக்குத் தெரியும். ஊசியைப் பிடித்தால் சந்தேகமே இல்லை. அதை இன்னொருவர் சொல்லும்போது ஒப்புக்கொள்வதுதான் திமிராகத் தோன்றுகிறது.

செல்வி ரவிக்கை
நீங்கள் 6,500 சொன்னதே குறைவு. முதலில் பாராட்டிவிட்டு அப்புறம் பேரம் பேசுகிற ஆட்கள் உண்டு, மயங்கிவிடாதீர்கள். பாதிக் கூலியை முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

பழைய தமிழ் வாத்தியார்
உங்கள் அம்மா சொன்னதற்கு நன்னூலிலேயே இடம் உண்டு. எத்தனை துறை கற்று முடித்தாலும் "தான்தற் புகழ்தல் தகுதி அன்றே" என்கிறது பாயிரம். அதை நாங்கள் வகுப்பில் ஒப்பிக்க வைப்போம். ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நான்கு இடங்களை விடுகிறார் பவணந்தி: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்களிடம், அவையில் வாதில் வெல்ல வேண்டிய பொழுது, எதிராளி பழிக்கும்போது. அந்த அம்மாவுக்கு ஆரி வேலையின் அளவு தெரியாதல்லவா, 6 நாள் என்று சொல்வது இரண்டாவது இடம். இன்னொன்று, இவை எல்லாமே தன்னைத் தானே புகழ்வது பற்றியவை. பிறர் புகழ்வதைக் கேட்டுக்கொள்வதை அந்தச் சூத்திரம் தடுக்கவே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது எங்களைப் போன்றவர்கள்தான், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

திருச்சி அப்பா
எங்கள் வீட்டில் காரணம் தலைக்கனம் இல்லை, திருஷ்டி. யாராவது மகளை "நல்லா படிக்கிறா" என்றால் என் அம்மா உடனே "எங்க, எப்பப் பாரு போன்தான்" என்பார், சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். பாட்டி பயத்தில், பாசத்தில் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியுமா? இப்போது அவளே மதிப்பெண்ணை மறைக்கிறாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

ஊசிநூல்
வாத்தியார் ஐயா, அந்த இரண்டாவது சூத்திரத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அண்ணா, பாட்டி சொன்ன பிறகு நீங்கள் மகளைத் தனியாகக் கூப்பிட்டு என்ன நன்றாக எழுதியிருக்கிறாள் என்று பேப்பரைக் காட்டியே சொல்லிப் பாருங்கள், பாட்டியை மாற்ற முடியுமா தெரியவில்லை.

நேற்று நாத்தனார் வீட்டுக்குப் போனேன். வாளியைக் கழுவி, வெறுமனேதான் கொடுத்தேன், கை கூசியது. "அந்த ரசத்துலதான் அண்ணி எனக்கு வாய் ருசி திரும்புச்சு" என்றேன். அவர் வாளியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு "மூடி எங்கடி?" என்றார். மறந்துவிட்டேன். நாளைக்கு அவரே வந்து எடுத்துக்கொள்கிறாராம்.