மிசிசாகாவில் வீட்டிலேயே பிறந்தநாள்: 500 டாலர் போதுமா?

கோவைக்காரன்
போன கோடையில்தான் குடும்பத்தோடு மிசிசாகா வந்தோம். மகளுக்குப் பிப்ரவரியில் ஆறு வயது முடிகிறது. டவுன்ஹவுஸின் பேஸ்மென்ட் காலியாகத்தான் கிடக்கிறது, ஹால் எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். வகுப்பில் 12 பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம், அப்புறம் நம்மூர்க் குடும்பங்கள் ஐந்து. நொறுக்குத்தீனி, கேக், ரிட்டர்ன் கிஃப்ட், பலூன் அலங்காரம், மகள் பிடிவாதமாகக் கேட்கும் ஃபேஸ் பெயின்டிங், இவ்வளவுதான். 500 டாலருக்குள் முடியுமா? எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்றே பிடிபடவில்லை.

பிராம்ப்டன் ராஜா
தாராளமாக முடியும். முதலில் ரிட்டர்ன் கிஃப்ட்டை வெட்டுங்கள், அதெல்லாம் நம்மூர்ப் பழக்கம், இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. நூறு டாலர் அங்கேயே மிச்சம். அலங்காரத்துக்கு டாலராமா என்ற மலிவுக் கடையைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஸ்காபரோ அக்கா
தம்பி ராஜா, டாலராமா சரி, மற்றது சரியில்லை. இங்கே அதற்கு லூட் பேக் என்று பெயர், வகுப்புப் பிள்ளைகள் வாசலில் சப்பாத்துப் போடும்போதே அதைத் தேடும். விலை குறைவாக இருக்கலாம், இல்லாமல் இருக்கக்கூடாது.

கோவைத் தம்பி, சாமான் வாரியாகக் கணக்குப் போடாதீங்கோ, தலை எண்ணிக்கையில் தொடங்குங்கோ. கேக்கும் அலங்காரமும் பத்துப் பேர் கூடினாலும் பெரிதாக மாறாது. சாப்பாடும் லூட் பேக்கும் தலைக்குத் தலை ஏறும். ஃபேஸ் பெயின்டிங் நேரக் கணக்கு என்று சொல்லுவினம், ஆனால் அதுவும் தலைக்கணக்குத்தான், கீழே சொல்கிறேன்.

வகுப்பில் 12 பேரைக் கூப்பிட்டால் பிப்ரவரியில் சளி, காய்ச்சல், பனி என்று ஒன்பது பேர் வருவினம் என்று வையுங்கோ. ஆறு வயது என்றபடியால் நாலு பெற்றோராவது விட்டிட்டுப் போகாமல் நிற்பினம், கூடவே தம்பி தங்கச்சி இரண்டு வரும். எங்கட ஆட்கள் குடும்பமாகத்தான் வருவினம்: பெரியவர்கள் பத்து, பிள்ளைகள் எட்டு. உங்கட மகளோடு சேர்த்து 20 பிள்ளைகள், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து 16 பெரியவர்கள். 12 என்று நினைத்தது 36 ஆகிவிட்டது, பார்த்தீங்களா?

அடுத்தது நேரம். பின்னேரம் 2 மணி தொடக்கம் 4 மணி வரை என்று அழைப்பிலேயே முடியும் நேரத்தையும் எழுதுங்கோ. 5 மணி என்று போட்டால் தமிழ்க் குடும்பங்கள் இரவுச் சாப்பாடு என்றுதான் எடுப்பினம், பிரியாணித் தட்டுக்கே உங்கட பட்ஜெட்டில் பாதி போய்விடும்.

2 மணிக்கு என்றால் இப்படி வரும். ஆறு வயதுப் பிள்ளை பீட்சாவில் ஒன்றரைத் துண்டுதான் தின்னும். 20 பேருக்கு 30 துண்டு, 12 துண்டுப் பெரிய பீட்சா மூன்று, 60 டாலர். பெரியவர்களுக்கு ரோல்ஸ், பற்றிஸ் ஆளுக்கு மூன்று என்று 50. ஒன்று 1.75 என்று போட்டால் 88 டாலர், கடைக்குக் கடை விலை வேறு, 50 எடுத்தால் குறைப்பார்களா என்று கேளுங்கோ. ஜூஸ், சிப்ஸ், பழம் 40. சூப்பர் மார்க்கெட் சதுரக் கேக் 40. வரியும் சேர்த்து 250.

லூட் பேக் விருந்தாளிப் பிள்ளைகள் 19, உபரி ஒன்று, ஐந்து டாலர்ப்படி 100. அதற்கு எச்எஸ்டி விற்பனை வரி 13 சதவீதம், 113. அலங்காரமும் பேப்பர் தட்டும் 60.

இப்ப ஃபேஸ் பெயின்டிங். மணிக்கு 120 டாலர் என்று ஒருவர் சொன்னால் மலிவாகத்தான் தெரியும். முழு முகத்தில் புலி, பட்டாம்பூச்சி என்று போட ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம், மணிக்கு 12 முகம். மற்ற எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று அழும். இரண்டு மணி நேரம் எடுத்தால் 240. எல்லாம் கூட்டினால் 663.

கோவைக்காரன்
அக்கா, தலை சுற்றுகிறது! ஆனால் இப்போதுதான் புரிகிறது. எங்கே குறைக்கலாம்?

ஸ்காபரோ அக்கா
பெயின்டரிடம் முழு முகம் வேண்டாம், கன்னத்தில் சின்னப் படம் மட்டும் என்று முதலிலேயே கதையுங்கோ. மூன்று நிமிடம்தான், 20 பேரும் ஒரு மணி நேரத்தில் முடியும், 120 மிச்சம். லூட் பேக்குக்குப் பதில் நாலு டாலரில் ஒரு சிறுவர் புத்தகம் கொடுங்கோ. ஒன்ராறியோவில் அச்சுப் புத்தகத்துக்கு 5 சதவீத வரிதான், 20 புத்தகம் 84 டாலர். இரண்டும் சேர்ந்தால் 514க்கு வந்துவிடுவீங்கள்.

ஹீலியம் பலூன் வாங்கினால் காலையில் வாங்குங்கோ. சாதாரண ரப்பர் பலூனில் முதல் நாள் இரவே அடைத்தால் அடுத்த நாள் மத்தியானம் பாதி கீழே தொங்கும். கைப்பம்பில் காற்றடித்து மாலையாகக் கட்டுவது மலிவு, முதல் நாளே கட்டி வைக்கலாம்.

எட்டோபிக்கோ சுந்தர்
நாங்கள் மகனுக்கு முதல் பிறந்தநாளை பேங்க்வெட் ஹாலில் 150 பேரோடு செய்தோம். தட்டுக்கு இவ்வளவு என்று எல்லாமே பேக்கேஜ், ஸ்டேஜ், டிஜே உட்பட. வீட்டில் செய்வதை விட அலைச்சல் இல்லை. விருப்பமென்றால் ஹால் விவரம் தருகிறேன்.

பிராம்ப்டன் ராஜா
சுந்தர் அண்ணா, அவர் கேட்பது வீட்டில், 500 டாலரில்! அக்கா சொன்ன லூட் பேக் விஷயம் தெரியாது, எங்கள் குடும்ப வட்டத்துக்குள்ளேயே கொண்டாடியதால் எனக்கு அது வரவில்லை.

மில்டன் வித்யா
நான் வேறு மாதிரி யோசிப்பேன். வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமை மதியம், நம்மவர்கள் ஞாயிறு மாலை என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பெயின்டர் முன் 12 பிள்ளைகள்தான் நிற்கும், முழு முகமே ஒரு மணி நேரத்தில் போடலாம். அலங்காரம் ஒரே செலவு. 36 பேரின் குளிர்கால ஜாக்கெட்டும் பூட்ஸும் டவுன்ஹவுஸ் வாசலில் எங்கே வைப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள், எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை முழுக்க ஜாக்கெட்தான்.

இன்னொன்று, அழைப்பிலேயே அலர்ஜி உண்டா என்று கேட்டுவிடுங்கள். பள்ளியில் கடலை, முந்திரிக்கு எவ்வளவு கெடுபிடி என்று பார்த்திருப்பீர்கள். வீட்டில் சட்டம் இல்லை, ஆனால் கேக் பெட்டியில் நட்ஸ் எச்சரிக்கை இருந்தால் அந்தப் பிள்ளையின் அம்மா தொடவிட மாட்டார். பெட்டியைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், கேட்பார்கள்.

ஸ்காபரோ அக்கா
இரண்டு நாள் என்றால் ஞாயிறு மாலைக்குச் சாப்பாடு போட வேணும் வித்யா, மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். இரண்டாவது கேக்கும் வரும்.

மில்டன் வித்யா
ஐந்து குடும்பம்தானே, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லலாம் அக்கா. இங்கே அது சகஜம்.

ஸ்காபரோ அக்கா
புதிதாக வந்தவர் முதல் முறை கூப்பிட்டுவிட்டு, கறி சமைத்துக்கொண்டு வாங்கோ என்று சொல்லுவாரா? எனக்கு மனம் வராது.

கோவைக்காரன்
மனைவியும் அக்கா கட்சிதான். ஒரே நாள், 2 முதல் 4. பெயின்டர் ஒருவரிடம் பேசினேன், கன்னத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் 120, வரி இல்லை என்கிறார், பாதித் தொகையை இ-டிரான்ஸ்ஃபரில் முன்பணமாகக் கேட்கிறார். வரி இல்லாதது நியாயமா, பணம் அனுப்பலாமா?

மில்டன் வித்யா
ஆண்டு வருமானம் 30,000 டாலருக்குள் இருக்கும் தனிநபர் எச்எஸ்டிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் சந்தேகப்பட வேண்டாம். முன்பணமும் வழக்கம்தான், ஆனால் தேதி, நேரம், எத்தனை பிள்ளைகள், பனிப்புயல் வந்தால் வேறு தேதிக்கு மாற்றுவாரா என்பதை மெசேஜில் எழுதி வாங்கிவிட்டு அனுப்புங்கள். மில்டனிலிருந்தோ விட்பியிலிருந்தோ வருகிறார் என்றால் பயணச் செலவு தனியா என்றும் கேளுங்கள், அதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.