ட்ராடவுன் பூஜ்யமா? ஒரு மாதக் கிரிப்டோ கணக்கின் மீது ஒரு சண்டை

பாலக்கோட்டான்:
ஒரு மாதப் பதிவேட்டை முடித்து இணைத்திருக்கிறேன். தொடக்கம் 1,00,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் 50,000க்கு வாங்கி விற்றேன். மொத்தம் 20 வர்த்தகம். 9 லாபம், 11 நஷ்டம். லாபங்களின் கூட்டுத்தொகை 27,000, நஷ்டங்களின் கூட்டுத்தொகை 18,000. ப்ராஃபிட் ஃபேக்டர் 1.5. எக்ஸ்பெக்டன்சி, அதாவது ஒரு வர்த்தகத்துக்குச் சராசரியாக நின்ற லாபம், 450 ரூபாய். கையிருப்பு ஒரு நாளும் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை, ஆகவே ட்ராடவுன் பூஜ்யம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இப்படி ஒரு கணக்கை வைத்திருப்பவர் இருந்தால் காட்டட்டும்.

ஓசூர் கணக்கர்:
தம்பி, ட்ராடவுன் பூஜ்யம் என்பதைப் படித்த பிறகு பேசாமல் போக மனம் வரவில்லை. உங்கள் பதிவேட்டிலேயே 12ஆவது வர்த்தகம் முடிந்தபோது இருப்பு 1,20,000. அடுத்த ஐந்தும் நஷ்டம். 17ஆவது முடிந்தபோது 1,05,000. கடைசி மூன்றில் கொஞ்சம் மீண்டு 1,09,000. உச்சத்திலிருந்து 15,000 போயிருக்கிறது, அதாவது 12.5 சதவீதம். அதுதான் இந்த மாதத்தின் அதிகபட்ச ட்ராடவுன். தொடக்கத் தொகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. E நெடுவரிசையில் இருப்பு இருந்தால், F2, G2 இரண்டிலும் இவற்றை எழுதிக் கடைசி வரி வரை இழுங்கள். G-யில் வரும் மிகப் பெரிய எண்தான் விடை.

```
F2: =MAX($E$2:E2)
G2: =(F2-E2)/F2
```

பாலக்கோட்டான்:
பணம் என்னுடையது. நான் போட்டது ஒரு லட்சம், அது குறையவில்லை. ராயக்கோட்டை மண்டியில் பெட்டி 200க்கு எடுத்த தக்காளி 600 வரை ஏறி 500க்கு இறங்கினால், 100 ரூபாய் போச்சு என்று எந்த வியாபாரியாவது தலையில் அடித்துக்கொள்வானா? என் ட்ராடவுன் பூஜ்யம்.

காவேரிப்பட்டணத்தான்:
எனக்கு ஒன்று புரியவில்லை. ப்ராஃபிட் ஃபேக்டர் 1.5 என்றால் ஒரு லட்சம் ஒன்றரை லட்சம் ஆகியிருக்க வேண்டுமே, ஏன் 1,09,000 மட்டும் இருக்கிறது? அது கிடக்கட்டும். தக்காளி வியாபாரத்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி? போன ஆவணியில் என்னிடம் வாங்கிய காலிப் பெட்டிகளுக்கு இன்னும் பணம் வரவில்லை.

ஓசூர் கணக்கர்:
காவேரிப்பட்டணத்தாரே, மொத்த லாபத்தை மொத்த நஷ்டத்தால் வகுத்த எண் அது. 27,000-ஐ 18,000-ஆல் வகுத்தால் 1.5. போட்ட முதல் எத்தனை மடங்கு ஆனது என்பதை அது சொல்லாது.

தக்காளியை வாங்கி ஒரே முறை விற்பவருக்கு அந்த வாதம் சரி. தம்பி நாளைக்கும் அதே முறையில் வர்த்தகம் செய்யப்போகிறார். இந்த முறை தொடர்ந்து தோற்கும்போது எவ்வளவு ஆழம் போகும் என்பதைத்தான் ட்ராடவுன் காட்டுகிறது. அந்த ஐந்து நஷ்டமும் மாதத்தின் முதல் வாரத்தில் வந்திருந்தால் இருப்பு 85,000-இல் நின்றிருக்கும். அதே முறை, அதே நஷ்டங்கள், வரிசை மட்டும் வேறு. அப்போதும் பூஜ்யம் என்று எழுதியிருப்பாரா?

அரூர் வாசி:
லாபம் பார்த்தவனைக் கண்டால் சிலருக்குப் பொறுக்காது. 2004-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்தே ஓசூர்க்காரர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். பாலக்கோட்டு அண்ணன் 9,000 சம்பாதித்தாரா இல்லையா? ஐயா, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஓசூர் கணக்கர்:
சொல்கிறேன். பதிவேட்டில் வாங்கிய விலையும் விற்ற விலையும்தான் இருக்கின்றன, கட்டணம் எங்குமே இல்லை. வாங்க 0.2, விற்க 0.2 சதவீதம் என்று வைத்தால் 50,000 ரூபாய் வர்த்தகத்துக்குச் சுமார் 200 ரூபாய். ஒவ்வொரு லாபமும் 200 சுருங்கும், ஒவ்வொரு நஷ்டமும் 200 பெருகும். லாபக் கூட்டுத்தொகை 25,200, நஷ்டக் கூட்டுத்தொகை 20,200 ஆகிவிடும். ப்ராஃபிட் ஃபேக்டர் ஏறக்குறைய 1.25, எக்ஸ்பெக்டன்சி 250. 450-இல் 200 கட்டணத்துக்கே போய்விட்டது.

அடுத்து அந்த 8ஆவது வர்த்தகம். அதில் மட்டும் 11,000 லாபம். அதை விரலால் மறைத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள்: 16,000 லாபம், 18,000 நஷ்டம். கட்டணத்தைச் சேர்க்காமலே கணக்கு நஷ்டத்துக்குத் திரும்புகிறது. ஒற்றை வர்த்தகத்தின் மேல் நிற்கும் எக்ஸ்பெக்டன்சியை வைத்துக்கொண்டு அடுத்த மாதத்துக்கு முதலை ஏற்றாதீர்கள். 20 வர்த்தகம் போதாது.

செயலியில் இப்போது காட்டும் இருப்பு எவ்வளவு, தம்பி?

ஊத்தங்கரை டீச்சர்:
டிடிஎஸ்ஸை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1 சதவீதத்தை வரியாக முன்கூட்டியே பிடிக்கிறார்கள். 20 முறை 50,000க்கு விற்றால் சுமார் 10,000. அதையும் நஷ்டத்தில் சேர்த்தால் எக்ஸ்பெக்டன்சியே மிஞ்சாது.

ஓசூர் கணக்கர்:
பாதி சரி, டீச்சர். டிடிஎஸ் நஷ்டம் ஆகாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பணம் வர்த்தகத்துக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். உண்மையான அடி 30 சதவீத வரியில் இருக்கிறது. ஒரு வர்த்தகத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க விட மாட்டார்கள். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவையும் கழிக்க முடியாது. ஆக 27,000 முழுவதற்கும் வரி, செஸ் உட்பட 8,424. கட்டணம் போகக் கையில் நின்றது 5,000. அரூர்க்காரரே, சம்பாதித்தாரா என்று கேட்டீர்களே, நீங்களே கழித்துப் பாருங்கள்.

பாலக்கோட்டான்:
வரியை யார் கேட்டார்கள்? ட்ராடவுன் பற்றித்தானே பேச்சு? ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றேன், அதை யாராலும் மறுக்க முடியவில்லை. 17ஆவது வர்த்தகத்தில் ஒரு கட்டத்தில் 9,000 கீழே போனது, நான் பதறினேனா? பொறுமையாக இருந்து 3,000 நஷ்டத்தோடு வெளியே வந்தேன். அந்தத் திறமை இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஓசூர் கணக்கர்:
நல்லது, நீங்களே சொல்லிவிட்டீர்கள். 17-க்கு முன் இருப்பு 1,08,000. அதில் 9,000 கீழே போனபோது உங்கள் பணத்தின் மதிப்பு 99,000. ஒரு லட்சத்துக்குக் கீழே போகவே இல்லை என்ற உங்கள் அளவுகோலும் அங்கே உடைந்துவிட்டது. உச்சத்திலிருந்து பார்த்தால் 21,000, அதாவது 17.5 சதவீதம். முடித்த வர்த்தகங்களை மட்டும் எழுதும் பதிவேட்டில் இந்தப் பள்ளம் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் எதிரில் அது தொட்ட மிகக் கீழான விலையையும் குறிக்க வேண்டும் என்கிறேன்.

பாலக்கோட்டான்:
விற்காத வரை நஷ்டமே இல்லை. பதிவேட்டில் 99,000 என்று ஒரு வரி காட்டுங்கள், பார்க்கலாம்.

அரூர் வாசி:
அப்படிக் கேளுங்கள் அண்ணா. எழுதாத எண்ணை வைத்து வழக்காடுகிறார்கள்.

ஊத்தங்கரை டீச்சர்:
விற்காத வரை நஷ்டம் இல்லை என்றால், விற்காத வரை லாபமும் இல்லை. மூன்று மாதம் முன்பு இதே இடத்தில் விற்காத நாணயத்தின் படத்தைப் போட்டு லாபம் என்று கொண்டாடியது யார்?

பாலக்கோட்டான்:
அது வேறு, இது வேறு. டீச்சர், பழையதைக் கிளற வேண்டாம்.

காவேரிப்பட்டணத்தான்:
பழையதைக் கிளறத்தான் வேண்டும். பெட்டிப் பணம் எங்கே?

ஓசூர் கணக்கர்:
உச்சத்திலிருந்துதான் அளக்க வேண்டும், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். முடித்த கணக்கில் 12.5, முடியாததையும் சேர்த்தால் 17.5. செயலியின் இருப்பைக் கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

பாலக்கோட்டான்:
பூஜ்யம் என்றால் பூஜ்யம். இருப்பை யாருக்கும் காட்டும் அவசியம் எனக்கு இல்லை. அடுத்த மாதப் பதிவேட்டை இணைக்கவும் போவதில்லை.