மார்ச் 31 கணக்கில் லாபம் குறைகிறது: வழியில் இருந்த நூலை எப்படிக் காட்டுவது?

நூல்கணக்கு (திருப்பூர்)

வணக்கம். ஒரு சிறிய பனியன் துணி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். நூல் வாங்கி, வெளியே நிட்டிங்கும் சாயமும் போட்டு, துணியாக விற்கிறோம். ஆடிட்டரிடம் கொடுப்பதற்கு முன் மொத்த லாபம் போட்டுப் பார்த்தேன். விற்பனை 170 லட்சம். ஆரம்ப இருப்பு 18, கொள்முதலும் கூலியும் 142, இறுதி இருப்பு 21. லாபம் 31 லட்சம்தான் வருகிறது, 18 சதவீதம். போன வருஷம் 22. நூல் விலையும் கூலியும் அவ்வளவாக மாறவில்லை.

ஒரு லோடு மேல்தான் சந்தேகம். குஜராத் மில்லிலிருந்து 40 மூட்டை நூல், ஜிஎஸ்டி இல்லாமல் 6 லட்சம். பில் தேதி மார்ச் 29, லாரி வந்தது ஏப்ரல் 3. பில் தேதிப்படி மார்ச் கொள்முதலில் பதிந்திருக்கிறது. 31-ஆம் தேதி குடோனில் எண்ணிய இருப்பில் அது இல்லை. என்ன செய்ய வேண்டும்?

ஈரோடு மணி

சரக்கு கைக்கு வந்தால்தான் கொள்முதல். மார்ச் பதிவை எடுத்துவிட்டு ஏப்ரலில் போடுங்கள், முடிந்தது.

வரிக்கணக்கு

ஏன் எடுக்க வேண்டும்? ஜிஎஸ்டி தளத்தில் மார்ச் 2பி பட்டியலில் பில் வந்திருக்குமே. வரி கிரெடிட்டை மார்ச்சிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

தணிக்கை அனுபவம்

வரிக்கணக்கு சார், அவர் கேட்பது லாபம் பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்னது சரியில்லை. பில் 2பி-யில் இருந்தாலும் சரக்கு வந்து சேராமல் கிரெடிட் எடுக்க முடியாது. அது ஏப்ரலில்தான்.

மணி சொன்னபடி செய்தால் லாபம் சரியாகிவிடும், 37 லட்சம் வரும். கொள்முதல் உள்ளே, இருப்பு வெளியே என்று நின்றதால்தான் 6 லட்சம் காணாமல் போனது. இரண்டையும் சேர்த்தாலும், இரண்டையும் விட்டாலும் லாபம் ஒன்றுதான். மாறுவது மார்ச் 31-ல் நீங்கள் காட்டும் இருப்பும் மில்லுக்குத் தர வேண்டிய பாக்கியும்.

எது சரி என்பதை ஆர்டரில் பேசிய நிபந்தனை சொல்லும். மில் கேட்டிலேயே சரக்கு உங்களுடையது என்று பேசியிருந்தால், வழியில் லாரி எரிந்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். அப்போது கொள்முதலை மார்ச்சிலேயே வைத்து, அந்த 40 மூட்டையை 'வழியில் உள்ள சரக்கு' என்று இறுதி இருப்பில் சேர்க்க வேண்டும். திருப்பூரில் இறக்கிக் கொடுப்பதாகப் பேச்சு என்றால் மணி சொன்னதுதான் வழி. லாரி வாடகை யார் கொடுத்தார்கள் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், இன்சூரன்ஸ் யார் பெயரில் என்றும் பாருங்கள்.

மணல்மேடு ஸ்டோர்ஸ்

எங்கள் கடையில் நேர்மாறு. ஒரு பார்ட்டி கேட்டார் என்று மார்ச் 31 தேதியில் பில் போட்டோம், சரக்கு ஏப்ரல் 2 வரை எங்கள் குடோனிலேயே கிடந்தது. விற்பனையிலும் வந்துவிட்டது, இருப்பிலும் எண்ணிவிட்டார்கள். எப்படியும் அடுத்த வருஷம் சமன் ஆகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

தணிக்கை அனுபவம்

சமன் ஆகும், உண்மைதான். ஆனால் இந்த வருஷம் கூடிய லாபத்துக்கு இந்த வருஷமே வரி கட்டுவீர்கள், அடுத்த வருஷம் வியாபாரம் படுத்தது போலத் தெரியும். இரண்டு வருஷக் கணக்கும் பொய்யாகிவிடுகிறது.

நூல்கணக்கு, ஒரு லோடோடு நிறுத்தாதீர்கள். வாட்ச்மேன் எழுதும் உள்வரவு நோட்டில் மார்ச் கடைசி வாரத்தையும், அதோடு ஏப்ரல், மே மாதங்களில் பதிந்த கொள்முதல் பில்களையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் சரக்கு எப்போது உள்ளே வந்தது, எந்த மாதத்தில் பதிந்திருக்கிறது என்று ஒத்துப் பாருங்கள். தாமதமாக வந்த பில் அங்கேதான் மாட்டும்.

நூல்கணக்கு (திருப்பூர்)

பார்த்துவிட்டேன் சார். குஜராத் லோடு மில் கேட்டிலேயே நம்முடையது, இன்சூரன்ஸும் எங்கள் முதலாளி பெயரில். 6 லட்சத்தை இருப்பில் சேர்த்தேன்.

இன்னொன்றும் கிடைத்தது. உள்ளூர் வியாபாரி மார்ச் 28-ல் டெலிவரி சலானில் 16 மூட்டை இறக்கியிருக்கிறார், 2.4 லட்சம். பில் ஏப்ரல் 2 தேதியில். மூட்டைகளை இருப்பில் எண்ணியாயிற்று, கொள்முதல் ஏப்ரலில் இருக்கிறது. அப்படியென்றால் இது லாபத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறதா?

தணிக்கை அனுபவம்

ஆமாம். ஒரு தவறு இன்னொன்றைப் பாதி மறைத்துவிட்டது. மார்ச் 31-ல் கொள்முதல் பற்று, அந்த வியாபாரி வரவு என்று 2.4 லட்சத்துக்கு ஜர்னல் போடுங்கள். ஏப்ரல் 1-ல் அதைத் திருப்பிவிட்டு, பில்லை ஏப்ரலிலேயே இருக்க விடுங்கள். ஜிஎஸ்டியை ஜர்னலில் தொட வேண்டாம்.

நூல்கணக்கு (திருப்பூர்)

இப்போது லாபம் 34.6 லட்சம், 20.4 சதவீதம். இன்னும் ஒன்றரை சதவீதம் இடிக்கிறதே?

ஈரோடு மணி

தம்பி, சாயப்பட்டறையில் கிடந்த துணியை எண்ணினீர்களா? அது உங்கள் சரக்குதானே. அதோடு பட்டறைக்காரர் மார்ச் கூலி பில்லை எப்போது தருகிறார்? எங்களுக்கு மே மாதம்தான் வரும்.

நூல்கணக்கு (திருப்பூர்)

குடோனில் இருந்ததை மட்டும்தான் எண்ணினோம் அண்ணா. மூன்று பட்டறைகளுக்கும் மார்ச் 31 இருப்புக் கடிதம் கேட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது பட்டறையில் எங்கள் சலானில் இருக்கும் கிலோவும் அவர்கள் நோட்டில் இருக்கும் கிலோவும் ஒத்துவரவில்லை, திங்கட்கிழமை நேரில் போய் எடை பார்க்க வேண்டும்.