பொருள்: ‘ஸ்பீட் ராம்ப்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

மாலதி:
குறுங்காணொளிப் பயிற்சிக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். ஸ்லோமோஷனை ‘மெதுவோட்டம்’ என்று வைத்துக்கொண்டேன். காட்சி ஓடும்போதே வேகம் இறங்கி, மறுபடி ஏறுவதற்கு ‘வேகச்சரிவு’ பொருந்துமா?

இளங்கோ:
சக்கர நாற்காலிக்குப் போடுவதைச் ‘சாய்தளம்’ என்கிறோமே, அது போதாதா?

நாகராசன்:
இளங்கோ, அது கட்டடத்து ராம்ப். அம்மா, ‘சரிவு’ என்றால் இறங்குவது மட்டும்தான் மனதில் நிற்கும். பங்குச் சந்தைச் செய்தி மாதிரியும் இருக்கிறது.

எடிட்டிங்கில் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். டீ மாஸ்டர் ஆற்றுகிறார், அந்த நீண்ட தாரைதான் நமக்கு வேண்டிய கணம். நொடிக்கு 120 ஃப்ரேமில் எடுத்து 30 ஃப்ரேம் டைம்லைனில் போட்டால் 25 சதவீத வேகம் வரை ஒவ்வொரு ஃப்ரேமும் அசல். நிஜத்தில் அரை நொடி விழும் தாரை திரையில் இரண்டு நொடி நிற்கும். 100-லிருந்து 25-க்கு ஒரே கட்டில் குதித்தால் வீடியோ சிக்கிக்கொண்டது போல் இருக்கும். கீஃப்ரேமை இரண்டாகப் பிரித்து, நடுவில் கால் நொடியாவது வளைகோடாக விடுங்கள். கை மேலே போகும்போதே இறக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும். தாரை விழ ஆரம்பித்த பிறகு தொடங்கினால் பாதி போய்விடும்.

ராம்ப் போட்ட வீடியோ பார்ப்பவருக்குத் தலைசுற்றினால், காரணம் பெரும்பாலும் மெதுவோட்டம் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் ஓட்டிவிடும் வேகப் பகுதி. கையில் பிடித்து எடுத்ததை 300 சதவீதத்தில் ஓட்டினால் கேமரா ஆட்டமும் மும்மடங்கு வேகமாகும். வேகப் பகுதியை ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு ராம்ப் போதும்.

பிரபு:
120 எல்லாம் எதற்கு? 30-ல் எடுத்ததையே ஆப்டிகல் ஃப்ளோ போட்டால் வழவழவென்று வருகிறதே.

நாகராசன்:
வெற்றுச் சுவருக்கு முன்னால் ஒருவர் நடந்தால் வரும். டீயில் போட்டுப் பாருங்கள். இல்லாத ஃப்ரேமை மென்பொருள் ஊகித்து வரைகிறது. தாரை ஜெல்லியாக நெளியும், விரல் டம்ளரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஷாகிதா:
எனக்கு வேறு தொல்லை. மண்டபத்தில் 120-ல் எடுத்தது மெதுவாக்கியதும் மினுக்மினுக்கென்கிறது. ராம்ப் தப்பா?

நாகராசன்:
ராம்ப் இல்லை, விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். 120-க்கு அது ஒத்துவராது. கேமராவில் 100 ஃப்ரேம் இருந்தால் அதில் எடுங்கள். இல்லையென்றால் 50 ஃப்ரேம், ஷட்டர் 1/100. அப்போது 30 டைம்லைனில் 60 சதவீத வேகம் வரைதான் இறங்க முடியும். பகல் வெளிச்சத்தில் இந்த வம்பே கிடையாது.

சொல்லுக்கு என் பரிந்துரை ‘கதிமாற்றம்’. ‘கதி’ தாளத்தில் பழகிய சொல்.

பிரபு:
என் மாணவர்களுக்குக் ‘கதி’ என்றால் ‘கதி கலங்குவது’தான். ‘வேக வளைவு’ என்றால் திரையில் தெரியும் கோடே ஞாபகம் வரும்.

மாலதி:
டெஸ்க்டாப் மென்பொருளில் கோடு தெரிகிறது, சரி. கோடே காட்டாத கைபேசி ஆப்பில் படிப்பவர்களுக்கு? இப்போதைக்கு இரண்டையும் எழுதி வைக்கிறேன். ‘சரிவு’ போயிற்று.