புதுப்பிப்பு: செஸ் போட்டிப் பட்டியலில் ஒரே பையன் இரண்டு முறை

என் பழைய கேள்வி: "கூகுள் ஃபார்ம், வாட்ஸ்அப், காகிதம் மூன்றிலும் வந்த பதிவுகளைச் சேர்த்தால் ஒரே ஆள் பலமுறை வருகிறார். எப்படிக் களைவது?"

பெயரை விட்டு போன் எண்ணைப் பிடிக்கச் சொன்ன அண்ணனின் வழிதான் வேலை செய்தது. +91, முன்னால் வரும் 0, இடைவெளி எல்லாம் உதிர்ந்து கடைசி 10 இலக்கம் மட்டும் கூகுள் ஷீட்டில் தனி நெடுவரிசையில் வரும், போன் எண் B-யில் இருக்கிறது:

```
=RIGHT(REGEXREPLACE(TO_TEXT(B2),"\D",""),10)
```

"எண் ஒன்றானால் நீக்கிவிடு" என்று இன்னொருவர் சொன்னது பாதிதான் சரி. அப்பாவின் ஒரே எண்ணில் அண்ணனும் தங்கையும் பதிந்திருக்கிறார்கள். அதனால் Remove duplicates பக்கமே போகாமல், எண் ஒன்றாக உள்ள வரிசைகளுக்கு நிறமிட்டு பிறந்த தேதியை ஒப்பிட்டேன். Senthil K, K. Sendhil இரண்டுக்கும் ஒரே தேதி, ஒரே பையன். இரட்டைப் பிள்ளைகள் என்றால் தேதியும் உதவாது, பெயரைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நீக்கப்போகும் வரிசையில் கட்டண விவரம் இருந்தால் முதலில் அதை மற்றதற்கு மாற்றிவிடுங்கள்.

கல்யாணப் பத்திரிகை லிஸ்ட் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: வீட்டுக்கு ஒன்றுதானே, உங்களுக்கு எண்ணே போதும்.

காகிதத்தில் ஒரு இலக்கம் மாறி எழுதியவர்கள் இதில் சிக்கவில்லை. இப்போதைக்குப் பிறந்த தேதிப்படி அடுக்கித் தேடுகிறேன். வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.