சார்பி சோதனைக்கு டிஸ்கஷன் எழுதிய அனுபவம்: 71, 24, 58

மூன்றாம்பெஞ்ச்

போன செமஸ்டரில் மெட்டீரியல்ஸ் லேப் அறிக்கையின் டிஸ்கஷன் பகுதி முழுக்கச் சிவப்பு மை பட்டுத் திரும்பி வந்தது. அதை மறுபடி எழுதியபோதுதான் அந்தச் சோதனையே எனக்குப் புரிந்தது. இதே சோதனையைச் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

நாட்ச் வெட்டிய துண்டை ஊசலால் ஒரே அடியில் உடைத்து, அதற்கு எவ்வளவு ஆற்றல் செலவானது என்று பார்க்கிற சார்பி சோதனை அது. மைல்டு ஸ்டீல், வி நாட்ச், 10க்கு 10க்கு 55 மில்லிமீட்டர். ஆறு வெப்பநிலை, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்பெசிமன். 60 டிகிரியில் 141, 138, 145 ஜூல். அறை வெப்பநிலை 27 டிகிரியில் 118, 126, 109. ஐஸ் தண்ணீரில், அதாவது 0 டிகிரியில், 71, 24, 58. மைனஸ் 20ல் 14, 31, 11. மைனஸ் 40ல் 8, 9, 7. உலர் பனியும் ஆல்கஹாலும் கலந்த மைனஸ் 78ல் 4, 4, 5.

முதல் தடவை நான் செய்தது இதுதான். 0 டிகிரியில் வந்த அந்த 24ஐப் "பிழையான ரீடிங்" என்று தூக்கிவிட்டேன். மீதி இரண்டின் சராசரி 64.5 என்று போட்டு, வழுவழுப்பாக ஒரு எஸ் வளைவு வரைந்து, "முடிவுகள் கோட்பாட்டுடன் ஒத்துப்போகின்றன, சிறு வேறுபாடுகளுக்குக் காரணம் உராய்வும் காற்றுத் தடையும்" என்று முடித்தேன். ஸ்பெசிமன் இல்லாமல் ஊசலை ஆடவிட்டு அந்த இழப்பை முதலிலேயே பார்த்துக் கழித்தாகிவிட்டது, அப்புறம் அதே இழப்பு எப்படி 47 ஜூல் வித்தியாசத்துக்குக் காரணமாகும் என்று மேடம் ஓரத்தில் எழுதியிருந்தார். கீழே ஒரே வரி: "உடைந்த துண்டைப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. நல்லவேளை, துண்டுகள் டெசிகேட்டரில் துருப்பிடிக்காமல் இருந்தன. 71 வந்த துண்டில் நாட்ச்சுக்கு நேர் கீழே மங்கலாக, நார் நாராக ஒரு பட்டை, ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். அதற்குக் கீழேதான் சர்க்கரை மாதிரி மினுமினுக்கிற பகுதி, அகலம் 6.5, உயரம் 5. இரண்டு பக்கமும் சாய்வான உதடுகள். 24 வந்த துண்டில் அந்த மங்கல் பட்டை 0.3 கூட இருக்குமா என்பது சந்தேகம், மினுமினுப்பு 8.5க்கு 7. நாட்ச்சுக்குக் கீழே மொத்தப் பரப்பு 80 சதுர மில்லிமீட்டர், ஆக ஒன்றில் சுமார் 41 சதவீதம் நொறுங்கல், இன்னொன்றில் 74. ரீடிங் பொய் சொல்லவில்லை, இரண்டு துண்டுகளும் உண்மையிலேயே வேறு வேறு விதமாக உடைந்திருக்கின்றன. ஆனால் ஒரே கம்பியில் வெட்டிய துண்டுகள் ஒரே வெப்பநிலையில் ஏன் அப்படி உடைய வேண்டும் என்று எழுத எனக்கு அப்போது தெரியவில்லை.

டூல்ரூம்காரன்

இதில் பெரிய மர்மம் இல்லை நண்பா, எல்லாம் எடுத்து வைக்கிற நேரம். குளிர் திரவ பாத்திலிருந்து எடுத்து ஐந்து வினாடிக்குள் அடிக்க வேண்டும். இடுக்கியையும் அதே பாத்தில் போட்டுக் குளிர்வித்திருக்க வேண்டும். எங்கள் பேட்ச்சில் வெறும் இடுக்கியால் எடுத்தோம், ரீடிங் தாறுமாறாக வந்தது. டிஸ்கஷனில் "ஸ்பெசிமன் சூடேறியது" என்று எழுதிவிட்டுச் சராசரி போட்டால் போதும், எங்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

கார்பைடு அக்கா

தம்பி சொன்ன ஐந்து வினாடிக் கணக்கும் இடுக்கி விஷயமும் சரி. ஆனால் அது இந்த 24ஐ விளக்காது. சூடேறினால் ஆற்றல் கூடும், குறையாது. ஐஸ் தண்ணீரிலிருந்து எடுத்த துண்டு சில வினாடியில் ஏறுகிற ஓரிரு டிகிரிக்கு இவ்வளவு வித்தியாசமும் வராது.

மூன்றாம்பெஞ்ச், பதில் உன் கையில் இருந்த அந்த மங்கல் பட்டையில்தான் இருக்கிறது. நாட்ச் முனையில் விரிசல் முதலில் நீட்சியோடு, மெதுவாகக் கிழிந்துகொண்டு போகிறது. போகிற வழியில், பெரும்பாலும் தானிய எல்லையில், உடைந்த ஒரு கார்பைடு துகள் மாட்டினால் அங்கிருந்து பிளவு சடாரென்று ஓடிவிடும். ஒரு துண்டில் அந்தத் துகள் நாட்ச்சை ஒட்டியே இருந்தது, இன்னொன்றில் 1.3 மில்லிமீட்டர் தள்ளி. ஆற்றலில் பெரும்பகுதி அந்த முதல் கிழிசலிலும் உதடுகளிலும்தான் செலவாகிறது. மைனஸ் 40லும் அதற்குக் கீழேயும் சின்னத் துகளே போதும், அதனால் 7, 8, 9 என்று நெருங்கி வருகிறது. 60 டிகிரியில் எந்தத் துகளாலும் பிளவைத் தொடங்க முடியாது. நடுவில்தான் சிதறல். ஆகவே அந்தச் சிதறலே உன் முடிவுகளில் ஒன்று, வரைபடத்தில் சராசரியை மட்டும் வைக்காமல் 18 புள்ளிகளையும் வை.

"குளிரில் அணுக்கள் நகராது" என்று மட்டும் நிறுத்துகிறவர்களை ஒவ்வொரு வருடமும் திருத்துகிறேன். ஃபெரைட்டில் வெப்பநிலை குறையக் குறைய யீல்டு ஸ்ட்ரெஸ் வேகமாக ஏறும், பிளவுக்குத் தேவையான ஸ்ட்ரெஸ் பெரிதாக மாறாது. முன்னது பின்னதை எட்டும் இடத்தில் நெளிவதற்கு முன்பே பிளந்துவிடும். நாட்ச்சும் அடியின் வேகமும் அந்த இடத்தை மேலே தள்ளும். இதை உன் எண்களோடு சேர்த்து எழுது.

தள ஆய்வாளர்

எனக்கு இது சோறு போடுகிற சோதனை. எஸ்355 ஜே2 தகடு என்றால் மைனஸ் 20ல் மூன்றின் சராசரி 27 ஜூல் வர வேண்டும், ஒன்று மட்டும் குறையலாம், அதுவும் 27ல் 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. சிதறல் வரும் என்று தெரிந்துதான் விதியே அப்படி இருக்கிறது. ஒருமுறை வெல்டு ஓரத்தில் எடுத்த மூன்றில் ஒன்று 16 வந்தது. அதை விட்டுவிட்டுச் சராசரி போடலாமா என்று கான்ட்ராக்டர் கேட்டார். முடியாது என்று சொல்லி மறுபடி மூன்று வெட்டினோம், நாள் போனது, பரவாயில்லை. இன்னொன்று, தகடு மெல்லியதாக இருந்து 5 மில்லிமீட்டர் துண்டு போட்டால் அந்த எண்ணை 10 மில்லிமீட்டர் துண்டோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

நைட்ரஜன்_நிலா

எங்களுக்கு 304 ஸ்டெயின்லெஸ் கொடுத்தார்கள். மைனஸ் 196ல் கூட ஒரு துண்டு வளைந்துதான் போனது, இரண்டாக உடையவில்லை. நெளிவதிலிருந்து நொறுங்குவதற்கு மாறுகிற டிரான்சிஷன் வெப்பநிலை எவ்வளவு என்று எழுதுவது?

கார்பைடு அக்கா

எழுதாதே. 304ன் படிக அமைப்பில் யீல்டு ஸ்ட்ரெஸ் குளிரில் அப்படித் தாறுமாறாக ஏறாது, அதனால் சாதாரண எஃகில் வருகிற திடீர் வீழ்ச்சியே அதில் கிடையாது. "உடையவில்லை" என்று பதிவு செய், அதை மைல்டு ஸ்டீலுக்கு எதிராக வை.

மூன்றாம்பெஞ்ச்

நன்றி அக்கா. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். 24ஐத் திரும்பச் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன். 27 ஜூல் அளவுகோலில் டிரான்சிஷன் மைனஸ் 15 டிகிரி, சூட்டில் வருகிற மேல்தளத்துக்கும் குளிரில் வருகிற கீழ்த்தளத்துக்கும் நடுவான 73 ஜூலை எடுத்தால் பிளஸ் 9. ஒரே தரவில் 24 டிகிரி வித்தியாசம். 24ஐ விட்டுவிட்டிருந்தால் 27 ஜூல் கணக்கு ஒன்றரை டிகிரிதான் நகர்கிறது, நடு ஆற்றல் கணக்கோ 5 டிகிரி இறங்குகிறது. அதனால் "டிரான்சிஷன் வெப்பநிலை இவ்வளவு" என்று ஒற்றை எண் எழுதாமல், எந்த அளவுகோல் என்று சேர்த்து இரண்டையும் எழுதினேன். முதல் வடிவத்தில் 1943ல் போர்ட்லண்டில் துறையில் நின்றபடியே பிளந்த ஸ்கெனெக்டடி கப்பல் கதையை அரைப் பக்கம் எழுதியிருந்தேன், அதை முன்னுரைக்கு மாற்றிவிட்டேன். என் 18 துண்டுகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மைனஸ் 20ல் வந்த 31தான் இன்னும் உறுத்துகிறது. அந்தத் துண்டு இடுக்கியிலிருந்து நழுவி, மறுபடி எடுத்து வைத்து அடித்தது என்று லேப் நோட்டில் இருக்கிறது, எத்தனை வினாடி என்று குறிக்கவில்லை. அதன் மங்கல் பட்டையும் 0.5 வரை இருக்கிறது. சூடேறியதா, துகள் தள்ளி இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டையும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டூல்ரூம்காரன்

அந்த 31க்காவது என் காரணம் பொருந்தும் என்று நினைக்கிறேன். துண்டுகளை இன்னும் வைத்திருந்தால் அந்தப் பட்டையைப் படம் எடுத்துப் போடு, பார்க்கலாம்.